பத்து வாட் பேனலில் போனுக்குப் போவது எத்தனை வாட்?

10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பேங்க், 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கொண்ட போனை இரண்டு தடவை நிரப்ப வேண்டும். ஆனால் ஒன்றரைத் தடவைகூட வருவதில்லை. பவர் பேங்க் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பாலிடெக்னிக் இறுதியாண்டில் சோலார் போன் சார்ஜர் செய்ய நினைக்கும் மாணவருக்கு அந்தக் கணக்குதான் முழுத் திட்டமும்.

மில்லி ஆம்பியர்-மணி என்பது மின்னூட்டத்தின் அளவை மட்டும் சொல்கிறது. அது எத்தனை வோல்ட்டில் கிடைக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தொட்டி எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதை விட்டுவிடுவது போல. வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கினால்தான் ஆற்றல் தெரியும். அதன் அலகு வாட்-மணி. போன் பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட். 5 ஆம்பியர்-மணியை அதனால் பெருக்கினால் ஏறக்குறைய 19 வாட்-மணி. சார்ஜரின் ஒவ்வொரு உறுப்பையும் இந்த 19-இலிருந்து பின்னோக்கி நடந்து முடிவு செய்யலாம். பேனலில் தொடங்கி போனுக்கு வரக் கூடாது. போனில் தொடங்கி சூரியனுக்குப் போக வேண்டும்.

முதல் படி, போனின் யூ.எஸ்.பி. வாய். உள்ளே போகும் 5 வோல்ட்டை போன் தன் பேட்டரிக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்கிறது. அப்போது கொஞ்சம் சூடாகிறது. கேபிளும் கொஞ்சம் தின்கிறது. நூற்றுக்கு 85 பங்கு போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், 19 வாட்-மணி நிறைய, வாயில் 22 முதல் 23 வரை கொடுக்க வேண்டும். அடுத்த படி, நம் பெட்டிக்குள் இருக்கும் பூஸ்ட் கன்வெர்ட்டர். லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்துவது இதன் வேலை. இதற்கு நூற்றுக்கு 12 பங்கு கூலி. ஆக பேட்டரியிலிருந்து 26 வாட்-மணி எடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது, பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர். நல்ல வகையாக இருந்தாலும் அதுவும் ஏறக்குறைய அதே கூலியைக் கேட்கும். எனவே போனில் 19 நிறைய, பேனல் 30 வாட்-மணி தர வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே சூடாகிப் போகிறது. பவர் பேங்க் கணக்கு பொய்த்ததும் இதனால்தான். அதில் உள்ள 37 வாட்-மணியில் முதல் இரண்டு கூலியும் போனால் 28 போலத்தான் போனுக்குள் சேரும்.

இனி பேட்டரி. பழைய லேப்டாப் பேட்டரிகளில் இருக்கும் உருளை வடிவச் செல், 18650, இதற்குப் போதும். 18 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 65 அதன் நீளம். 2,600 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட நல்ல செல் ஒன்றில் 9.4 வாட்-மணி இருக்கும். மூன்றை இணையாகச் சேர்த்தால் 28. நமக்கு வேண்டியது 26. விளிம்பில் நிற்பது போலத் தோன்றினாலும், யாரும் போனை முழுதும் வற்றவிட்டு முழுதும் நிரப்புவதில்லை. 20 சதவீதத்திலிருந்து 90 வரை ஏற்றுவதுதான் வழக்கம். அதற்கு 18 வாட்-மணி போதும். நான்காவது செல்லுக்கான பணத்தை மிச்சப்படுத்தலாம்.

செல் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறையில் 9,800 என்று அச்சிட்ட 18650 செல்கள் விலை குறைவாகக் கிடைக்கின்றன. இந்த அளவு உருளைக்குள் இன்றைய நல்ல செல்களே 3,500-ஐ ஒட்டித்தான் தாங்குகின்றன. அதற்கு மேலே எழுதியிருப்பது வெறும் மை. தராசில் வைத்தாலே பெரும்பாலும் குட்டு வெளிப்படும். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும், போலி வெகு லேசாக இருக்கும். இணையாகச் சேர்க்கும் முன் மூன்று செல்களின் வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். ஒன்று 4.1, மற்றொன்று 3.5 என்றிருந்தால், சேர்த்த கணத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பெரிய மின்னோட்டம் பாயும். செல் சூடாகும், கெடும்.

பேனலுக்கு வருவோம். அதன் முதுகில் எழுதியிருக்கும் 10 வாட் என்பது ஆய்வகத்து எண். ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, சிலிக்கான் செல்லின் வெப்பம் 25 டிகிரி என்ற நிலையில் அளந்தது. தமிழ்நாட்டு உச்சிவெயிலில் ஒளி அந்த அளவை நெருங்கும். ஆனால் செல் 60 டிகிரியைத் தொட்டுவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் திறன் குறையும் என்பதால், 35 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடும். வெயில் கூடக் கூட சோலார் நன்றாக வேலை செய்யும் என்பது பாதி உண்மை. ஒளி கூடினால் நல்லது, சூடு கூடினால் நஷ்டம்.

தூசி, சாய்வுக் கோணம் எல்லாம் சேர்த்து எழுதிய திறனில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று வைப்போம். காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் வெயிலை முழு வெயிலாகச் சுருக்கினால், தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்குச் சமம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 4 என்று எடுத்துக்கொள்வது நல்லது. நான்கு மணி, அதில் முக்கால் பங்கு என்றால் மூன்று. பேனல் தர வேண்டிய 30 வாட்-மணியை மூன்றால் வகுத்தால் 10 வாட். கடையில் கேட்க வேண்டியது 6 வோல்ட், 10 வாட் பேனல்.

அது உண்மையிலேயே 10 வாட்டா என்று பார்க்க அளவுகோல் போதும். சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழுகிறது, நல்ல செல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். அப்படியானால் 10 வாட்டுக்கு 500 சதுர சென்டிமீட்டர் செல் வேண்டும். இடைவெளி, சட்டம் சேர்த்து ஏ-4 தாள் அளவு. உள்ளங்கை அளவு பேனலை ஒட்டி விற்கும் சோலார் பவர் பேங்க் வெயிலில் மட்டும் நிறைய ஏன் வாரக்கணக்கில் ஆகிறது என்பதும் இதிலேயே விளங்கும்.

பரப்பைப் பார்த்த பின் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, உச்சிவெயிலில் பேனலின் இரு முனைகளையும் அதன் வழியே நேரடியாகச் சேர்க்கலாம். பேட்டரியில் இப்படிச் செய்தால் விபத்து. பேனலுக்கு ஒன்றும் ஆகாது. காரணம் எளிது. பேனலில் ஓடும் மின்னோட்டம், செல்லில் வந்து விழும் ஒளித்துகள்கள் விடுவிக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான். ஒளி எவ்வளவோ அவ்வளவுதான் ஓடும், அதற்கு மேல் ஓட வழியில்லை. 6 வோல்ட், 10 வாட் பேனல் 1.7 ஆம்பியரை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.9 காட்டினால் உங்களிடம் இருப்பது 5 வாட் பேனல்.

பேனலின் இந்தக் குணம்தான் கன்ட்ரோலரை முடிவு செய்கிறது. மாணவர்கள் அதிகம் வாங்குவது டி.பி. 4056 என்ற சில்லு பொருத்திய சின்ன மாட்யூல். விலை மிகக் குறைவு, 4.2 வோல்ட்டில் ஒழுங்காக நிறுத்தும், நம்பகமானது. ஆனால் அது லீனியர் வகை. எத்தனை ஆம்பியர் உள்ளே வருகிறதோ அத்தனைதான் பேட்டரிக்குப் போகும். மிஞ்சிய வோல்ட்டைச் சில்லு சூடாக்கித் தீர்த்துவிடும். அதோடு, ஒரு ஆம்பியருக்கு மேல் அது விடாது.

5 வாட் பேனலை அதில் மாட்டினால் 0.83 ஆம்பியர் வரும். பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 3.1 வாட் சேரும். இப்போது பேனலை இரட்டிப்பாக்கி 10 வாட் மாட்டுங்கள். பேனல் 1.67 ஆம்பியர் தரத் தயாராக இருக்கும். சில்லு ஒரு ஆம்பியரோடு நிறுத்திவிடும். பேட்டரிக்குச் சேர்வது 3.7 வாட். பேனலுக்கு இரண்டு மடங்கு கொடுத்தும் உச்சிவெயிலில் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதலாகக் கிடைக்கிறது. காலையிலும் மாலையிலும் பெரிய பேனல் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். மேலும் இரண்டு வாட்டுக்கு மேல் சூடு நகக்கண் அளவு சில்லில் இறங்குவதால், அது தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தை இன்னும் குறைக்கும். பளிச்சென்ற வெயிலில் ஆம்பியர் மீட்டர் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், சில்லைத் தொட்டுப் பாருங்கள். விரல் சுடும்.

இதற்கு மாற்று, சி.என். 3791 போன்ற சில்லு கொண்ட ஸ்விட்சிங் வகை மாட்யூல். விலை சில மடங்கு, ஆனாலும் ஒரு செல்லின் விலையை ஒட்டித்தான். இது மிஞ்சிய வோல்ட்டை எரிப்பதில்லை, ஆம்பியராக மாற்றித் தருகிறது. பேனல் நன்றாக உழைக்கும் வோல்ட்டில் அதைப் பிடித்து நிறுத்தவும் செய்கிறது. சூடான 10 வாட் பேனல் தரும் 8 வாட்டில் 7 வாட் பேட்டரிக்குச் சேரும். அது ஏறக்குறைய 1.9 ஆம்பியர். மூன்று செல்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் 0.6 ஆம்பியர்தான், எந்தச் செல்லுக்கும் நோகாது. ஒரே செல்லை வைத்து இதே மின்னோட்டத்தை ஏற்றினால் அது சீக்கிரம் மூப்படையும். மாட்யூல் வாங்கும்போது 6 வோல்ட் பேனலுக்கு அமைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு அமைத்ததை மாட்டினால் பேனலின் வோல்ட் அந்த அளவைத் தொடவே தொடாது, சார்ஜ் ஏறாது.

பேட்டரியே இல்லாமல் பேனலிலிருந்து நேராக 5 வோல்ட் எடுத்துப் போனுக்குக் கொடுக்கலாமே என்று விவா தேர்வில் கேட்பார்கள். ஒரு மேகம் கடந்தால் போதும், போன் கேட்கும் மின்னோட்டத்தைப் பேனலால் தர முடியாமல் வோல்ட் சரிந்துவிடும். போன் துண்டித்துக்கொள்ளும், மறுபடி சேரும், மறுபடி துண்டிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தான் பேட்டரி. அதையும் பேனலின் முதுகில் ஒட்டிவிடாதீர்கள். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, வெயிலில் பேனலின் முதுகு அதைத் தாண்டிவிடும். ஒரு மீட்டர் ஒயர் இழுத்து, பெட்டியை நிழலில் வையுங்கள்.

செய்து முடித்ததும் வாட்-மணி காட்டும் சின்ன யூ.எஸ்.பி. மீட்டரைப் போன் வாயில் மாட்டி ஒரு முழு நாள் அளந்து பாருங்கள். 22-ஐ ஒட்டி வந்தால் சார்ஜர் கணக்குப்படி இயங்குகிறது. 15-தான் வருகிறது என்றால் பின்னோக்கி நடந்து ஒவ்வொரு படியையும் அளந்தால் தவறு எங்கே என்று தெரிந்துவிடும். உங்கள் ஆய்வறிக்கையில் பேனலின் வாட்டைவிட பேனல், பேட்டரி, யூ.எஸ்.பி. வாய், போன் என்ற நான்கு இடத்து வாட்-மணி அட்டவணையைப் பெரிதாகப் போடுங்கள். தேர்வாளர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிலேயே பதில் இருக்கும்.