பூரிக்குக் கிழங்கா, குருமாவா?

பூரி சுடும் 40 விநாடி ரீல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைசியில் "கமென்ட் பண்ணுங்க ப்ளீஸ்" என்றால், பார்ப்பவர் எதைப் பற்றி எழுதுவார்? "பூரிக்குக் கிழங்கா, குருமாவா?" என்று கேட்டால் பதில் நாக்கு நுனியிலேயே இருக்கிறது.

கேள்வியை முழுக்கப் பேசி முடித்த பிறகு வைக்காதீர்கள். "அவ்வளவுதான், நன்றி" என்ற சொல் காதில் விழுந்ததும் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். பூரி உப்பி எழும் காட்சி ஓடும்போதே கேளுங்கள்; எழுத்து மூன்று, நான்கு விநாடி திரையில் நிற்கட்டும். வலப்புறப் பொத்தான்களும் கீழே உள்ள விளக்கமும் மறைக்காத நடுப்பகுதியே அதற்கு இடம்.

வாக்கெடுப்பு ஸ்டிக்கரில் ஒரு சிக்கல் உண்டு. தட்டுவது கமென்ட் ஆகாது. தட்டியவர் பதில் சொல்லிவிட்ட நிறைவோடு போய்விடுவார். வாக்கு குவிந்து கமென்ட் வெறிச்சோடினால் இதுதான் காரணம். ஆகவே ஸ்டிக்கரில் தேர்வை மட்டும் விட்டு, காரணத்தைக் கமென்ட்டுக்கு ஒதுக்குங்கள். "உங்க வீட்டுக் கிழங்கில் இஞ்சி உண்டா?" என்று நீங்களே முதல் கமென்ட் எழுதி மேலே பொருத்திவையுங்கள்.

இரு பக்கமும் ஆள் இருக்கும் கேள்வியாகவும் அது இருக்க வேண்டும். "சூடான பூரியா, ஆறிய பூரியா?" என்றால் எல்லோரும் ஒரே பக்கம், வாதிட யாருமில்லை. என் அனுபவத்தில், குருமா கட்சிக்காரர் ஒருவர் எழுதியதும் "தேங்காய் அரைத்தா?" என்று உடனே கேட்பதுதான் அடுத்தவரையும் பேச்சுக்குள் இழுக்கிறது.