ஜெயிப்பது ஓர் ஊர், வசூலிப்பது வேறு ஊர்

1989 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனமும் நம் அரசுக்குச் சொந்தமான கோல் இந்தியாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இன்று ஜார்க்கண்டில் இருக்கும் பிப்பர்வார் என்ற இடத்தில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் அமைத்து, அதற்கான இயந்திரங்களையும் ஒயிட் தர வேண்டும். குறித்த அளவுக்கு மேல் நிலக்கரி வந்தால் போனஸ், குறைந்தால் அபராதம். தகராறு வந்தால் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வர்த்தக சபையான ஐசிசியின் விதிகளின்படி நடுவர்கள் தீர்ப்பார்கள் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

தகராறு வந்தது. போனஸ் தர வேண்டும் என்றது ஒயிட். அபராதம் கட்ட வேண்டும் என்றது கோல் இந்தியா, வங்கி உத்தரவாதங்களையும் பணமாக்கிக்கொண்டது. 1999இல் ஒயிட் ஐசிசிக்குப் போனது. இந்தியாவுக்கு வெளியே மூன்று நடுவர்கள் விசாரித்து, 2002 மே மாதத்தில் ஒயிட்டுக்குச் சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒயிட் அலைந்த கதை அங்கேதான் ஆரம்பமாகிறது. அதற்கு முன் ஒரு கேள்வி. இவர்கள் ஏன் நேரே நீதிமன்றத்துக்குப் போகவில்லை?

ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒயிட் சிட்னியில் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தாலும், கோல் இந்தியாவின் சொத்தெல்லாம் இந்தியாவில்தான் இருக்கிறது. சிட்னி நீதிமன்றத்தின் அமீனா கொல்கத்தாவுக்கு வந்து ஜப்தி செய்ய முடியாது. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு, அரசு அறிவித்த சில நாடுகளின் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் இங்கேயே பிறந்த டிகிரி போல நிறைவேற்ற அனுமதிக்கிறது. பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. ஆஸ்திரேலியா இல்லை, அமெரிக்காவும் இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டின் தீர்ப்பை வைத்திருப்பவர் அதையே ஆதாரமாக்கி இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். ஒருமுறை ஜெயித்ததை மறுபடி ஜெயிக்க வேண்டும் என்று அர்த்தம்.

நடுவர் தீர்ப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. காரணம், 1958இல் நியூயார்க்கில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இந்தியா 1960இலேயே சேர்ந்துவிட்டது. வேறொரு நாட்டில் தரப்பட்ட நடுவர் தீர்ப்பைக் கொண்டுவந்தால், உள்ளூர் நீதிபதி அதை நிறைவேற்றித் தர வேண்டும். மறுப்பதற்கு எண்ணி எடுத்த சில காரணங்களே உண்டு. ஒப்பந்தமே செல்லாது, எதிராளிக்கு நோட்டீஸே போகவில்லை, கேட்காததற்கெல்லாம் நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார், நடுவர்களை நியமித்த விதம் தவறு, தீர்ப்பு பிறந்த நாட்டிலேயே அது ரத்தாகிவிட்டது, நடுவர் தீர்க்கக்கூடிய விஷயமே அல்ல, நாட்டின் பொதுநெறிக்கு விரோதம் என்று சொல்லி முடித்துவிடலாம். இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள்: ‘தீர்ப்பு தப்பு’ என்ற காரணம். நடுவர் சாட்சியத்தைத் தப்பாகப் படித்திருந்தாலும் பெரும்பாலும் அதுவே முடிவு. மேல்முறையீடு கிடையாது. வெற்றி பெற்றவருக்கு இது வரம். தோற்றவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைப் ‘பேசித் தீர்த்துக்கொள்வது’ என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். சமரசம் வேறு. இங்கே நடுவர் சொன்னது கட்டுப்படுத்தும்.

இப்போது ஒயிட்டிடம் திரும்பலாம். 2002 செப்டம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு மனுக்கள் விழுந்தன. தீர்ப்பை நிறைவேற்றித் தாருங்கள் என்று ஒயிட் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்டது. ரத்து செய்யுங்கள் என்று கோல் இந்தியா கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கேட்டது. வெளிநாட்டில் பிறந்த தீர்ப்பை இந்திய நீதிமன்றம் எப்படி ரத்து செய்ய முடியும்? அதே 2002இல் பாட்டியா இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. இரு தரப்பும் விலக்கி எழுதாதவரை, இந்திய நடுவர் சட்டத்தின் முதல் பகுதி வெளிநாட்டில் நடக்கும் நடுவர் விசாரணைக்கும் பொருந்தும் என்றது அந்தத் தீர்ப்பு. ஒயிட்டின் ஒப்பந்தத்தில் அப்படி விலக்கு எதுவும் இல்லை. ரத்து மனுவைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஒயிட் கல்கத்தாவில் கேட்டுத் தோற்று, 2004இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2008இல் வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2010 வந்தது. விசாரணை முடியவில்லை.

பொறுமை இழந்த ஒயிட் வேறு கதவைத் தட்டியது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதன்படி கோல் இந்தியாவை விட்டுவிட்டு இந்திய அரசின் மேலேயே நடுவர் வழக்குப் போட்டது. 2011 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நடுவர் தீர்ப்பை நிறைவேற்றும் வழக்கு ஒன்பது ஆண்டுகளாக முடியாமல் கிடந்ததால், உரிமையைக் கேட்டுப் பெறப் பயனுள்ள வழி தருவோம் என்ற கடமையை இந்தியா மீறிவிட்டது என்றார்கள். அந்த வாக்குறுதி ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில்கூட இல்லை. இந்தியா குவைத்துடன் போட்ட ஒப்பந்தத்தில் இருந்ததை, ‘மற்றவருக்குத் தருவதை எனக்கும் தா’ என்ற ஷரத்தின் வழியே ஒயிட் இழுத்துக்கொண்டது. 40 லட்சத்துச் சொச்சம் டாலரோடு, 1998 முதல் 8 சதவீத வட்டியும் சேர்ந்தது. கோல் இந்தியா தர வேண்டிய பணம் அரசாங்கத்தின் தலையில் விழுந்தது.

2012 செப்டம்பரில் பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய கருத்தைக் கைவிட்டது. வெளிநாட்டைச் சட்டபூர்வ இடமாகக் கொண்ட நடுவர் தீர்ப்பை இந்திய நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. நிறைவேற்ற மறுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த விதி அதற்குப் பின் போட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டுமே.

இது பெரிய முதலாளிகளின் கதை போலத் தோன்றலாம். ஆனால் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்கும் பிரச்சினையின் எலும்புக்கூடு இதேதான். கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் வாங்குநருக்கு 4 லட்சம் டாலர் சரக்கு அனுப்பினார். ஷேட் மாறிவிட்டது, துவைத்தால் சுருங்குகிறது என்று வாங்குநர் 1.5 லட்சம் டாலரைப் பிடித்துக்கொண்டார். இவர் திருப்பூரில் வழக்குப் போட்டால் சம்மன் ஹேக் உடன்படிக்கை வழியாக அமெரிக்கா போய்ச் சேரவே மாதக்கணக்கு ஆகும். எதிராளி வராமலேயே டிகிரி கிடைக்கலாம். அந்த டிகிரியை நியூயார்க் கொண்டுபோனால், ‘இந்த வாங்குநர் மேல் திருப்பூர் நீதிமன்றத்துக்கு என்ன அதிகாரம்?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குவார்கள். இரு நாட்டுக்கும் இதற்கென ஒப்பந்தம் இல்லை. அதே தொகைக்குச் சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு இருந்தால், மூன்று ஆண்டுக்குள் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உறுதிசெய்துகொள்ளலாம். மறுப்பதற்கு அங்கேயும் அந்தச் சிறு பட்டியல்தான்.

ஆனால் அந்த ஷரத்து எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வாங்குநர் அனுப்பும் பர்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தில், அவர் ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று இருக்கும். நம் ஆள் விலையையும் டெலிவரி தேதியையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். அல்லது தன் புரோஃபார்மா இன்வாய்ஸில் வேறு ஷரத்தைப் போட்டிருப்பார். எது செல்லும் என்பதே தனி வழக்காகிவிடும்.

ஷரத்தை எழுதும்போது ஐந்து விஷயம் போதும்: எந்த நிறுவனத்தின் விதிகள், எந்த ஊர் ‘சீட்’, எத்தனை நடுவர், எந்த மொழி, ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம். சீட் என்பது கூட்டம் நடக்கும் அறை அல்ல. தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு என்பதை முடிவு செய்யும் சட்டபூர்வ முகவரி அது. விசாரணையை வீடியோவில் நடத்தினாலும் சீட் சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர்தான். ‘வென்யூ’ என்று மட்டும் எழுதிவிட்டு அது சீட்டா இல்லையா என்று வருடக்கணக்கில் வாதாடியவர்கள் உண்டு. இன்னொன்று: உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளையும் இந்தியா ஏற்கவில்லை, அரசிதழில் அறிவித்த நாடுகளின் தீர்ப்பை மட்டுமே நிறைவேற்றுகிறது. லண்டன், பாரிஸ், சிங்கப்பூர் என்றால் அந்தக் கவலை இல்லை.

‘நடுவரிடம் போகலாம்’ என்று எழுதுவது ஆபத்து. ‘போக வேண்டும்’ என்பதே கட்டுப்படுத்தும். சொந்தமாகக் கற்பனை செய்வதும் ஆபத்து. சிங்கப்பூர் மையம், ஆனால் ஐசிசி விதிகள் என்று கலந்து எழுதிய ஒரு ஒப்பந்தம் சிங்கப்பூர் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2009இல்தான் பிழைத்தது. இன்சிக்மா-ஆல்ஸ்டம் வழக்கு அது. நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இலவசமாகத் தரும் மாதிரி ஷரத்தை வார்த்தை மாறாமல் எடுத்துக்கொள்வதே உத்தமம். வழக்கறிஞர் நண்பர்கள் மன்னிக்கவும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நீதிபதிக்குச் சம்பளம் அரசு தருகிறது. நடுவருக்குக் கட்சிக்காரர்கள் தர வேண்டும், அதுவும் முன்பணமாக. எதிராளி தன் பங்கைக் கட்டவில்லை என்றால் அதையும் நீங்களே கட்டினால்தான் வண்டி நகரும். ஒன்றரை லட்சம் டாலர் தகராறுக்கு மூன்று நடுவர் என்று எழுதினால் பாதிப் பணம் அதிலேயே போய்விடும். ஒரே நடுவர் என்று எழுதுங்கள். சிங்கப்பூர் மையத்தின் 2025 விதிகளில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்குள்ளான வழக்குகளுக்கு எளிய விரைவு நடைமுறை இருக்கிறது.

எல்லா இடத்திலும் நடுவரே சரி என்று சொல்லிவிட முடியாது. வாங்குநர் லண்டன்காரர், பாக்கி தெளிவான கடன், சொத்தும் லண்டனிலேயே இருக்கிறது என்றால் அங்குள்ள நீதிமன்றமே வேகமாக முடித்துவிடலாம். கப்பல் ஏஜென்ட், தரப் பரிசோதனை நிறுவனம் என மூன்றாம் ஆள்களையும் இழுக்க வேண்டிய தகராறில் நடுவரின் கை எட்டாது. ஷரத்தில் கையெழுத்துப் போடாதவரைப் பொதுவாக அவர் கூப்பிட முடியாது. அமெரிக்க வாங்குநர் திவால் மனுப் போட்டுவிட்டால் இரண்டு வழியும் அங்கேயே நின்றுவிடும். பிறகு கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அதனால் புதிய வாங்குநரிடம் முதல் ஆர்டர் வரும்போது அவர் எந்த ஊரில் சொத்து வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். வாடகை அலுவலகமும் ஒரு வெப்சைட்டும்தான் என்றால், உலகின் மிகச் சிறந்த நடுவர் ஷரத்தைவிட அட்வான்ஸோ லெட்டர் ஆஃப் கிரெடிட்டோ உதவும்.