ஓவிய ஆசிரியருக்கு ஒரு கடிதம்

பிள்ளையின் ஸ்கெட்ச் நோட்டைக் கொடுத்து "நன்றாக இருக்கிறதா, சார்?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். பயன்படும் பதில் வேண்டுமென்றால், கடிதத்தில் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்.

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டை எடுத்துக்கொள்வோம். பாதிப் பக்கங்களில் கைபேசிப் படம் பார்த்து வரைந்த நடிகர் முகங்கள். நிழல் அழகாக ஏறியிருக்கிறது. வீட்டு நாற்காலியை நேரில் பார்த்து வரைந்த பக்கத்திலோ நான்கு கால்களும் ஒரே தரையில் நிற்கவில்லை. புகைப்படம் முப்பரிமாணத்தை ஏற்கெனவே தட்டையாக்கித் தந்துவிடுகிறது. நேரில் பார்க்கும்போது அந்த வேலையைக் கண்ணே செய்தாக வேண்டும். எந்தப் பக்கம் எதைப் பார்த்து வரைந்தது என்று கடிதம் சொல்லாவிட்டால் ஆசிரியரின் மதிப்பீடு தடம் மாறிவிடும்.

அதனால் கடிதத்தில் வயது, பயிற்சிக் காலம், கவின்கலைக் கல்லூரியில் சேரும் எண்ணம் உண்டா என்பவை இருக்கட்டும். நல்ல பக்கங்களை மட்டும் பொறுக்காமல் நோட்டை முழுதாக, பிள்ளையின் சம்மதத்தோடு கொடுப்பது நல்லது. பல பிள்ளைகளுக்கு அது நாட்குறிப்பு மாதிரி. பிறகு இப்படிக் கேட்கலாம்: "நேரில் பார்த்து வரைந்தவற்றில் திரும்பத் திரும்ப வரும் பிழை எது? அதைத் திருத்த அடுத்த மாதம் என்ன வரையலாம்?"

நாற்காலிக்குப் பதில், கால்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரையச் சொல்வார் அனுபவமுள்ள ஆசிரியர். பிள்ளை ஓவியராக வருவாளா என்பதை மட்டும் ஒரு நோட்டை வைத்து அவரால் சொல்ல முடியாது.