கைக்கு வந்த 6 லட்சம், வருமானம் 2 லட்சம்: சுரங்க உரிமையாளரின் ராயல்டி கணக்கு

இன்னைக்கு எபிசோடு பி.காம். படிச்சவங்க பல பேரு பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணிட்டுப் போன ஒரு சாப்டர் பத்தி. ராயல்டி கணக்கு. அதுலயும் பாதிப் பேர் தொடாம விட்டுட்டுப் போற பக்கம்: சுரங்கத்தோட உரிமையாளர், அதாவது லீஸுக்கு விட்டவர், தன்னோட புத்தகத்துல எப்படி எழுதணும்ங்கிறது. பேங்க்ல பணம் வந்து விழுந்துடுச்சு, ஆனா அது இன்னும் நம்ம பணம் இல்லை. இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா மொத்த சாப்டரும் புரிஞ்ச மாதிரிதான்.

முதல்ல இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்ப்போம். பிரிட்டன்ல 1942 வரைக்கும் நிலக்கரி பெரும்பாலும் மேலே இருக்கிற நிலத்தோட சொந்தக்காரருக்கே சொந்தம். 1938-ல வந்த நிலக்கரிச் சட்டத்தாலதான் அந்த உரிமை அரசு ஆணையத்துக்குப் போச்சு. அதுவரை நிலக்காரர் ஒரு கம்பெனிக்கு லீஸ் கொடுப்பார், கம்பெனி வெட்டி எடுக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் ராயல்டி கொடுக்கும். நம்ம பாடப்புத்தகக் கணக்குகள் இந்த மாதிரி லீஸைத்தான் அடிப்படையா வச்சிருக்கு.

இதுல நிலக்காரருக்கு ஒரு பயம் இருக்கும். லீஸ் எடுத்தவர் வெட்டாமலே சும்மா இருந்துட்டா? டன் இல்லைன்னா காசும் இல்லை. அதனால, எவ்வளவு வெட்டினாலும், வெட்டாட்டியும், வருஷத்துக்கு இவ்வளவு கொடுத்தே ஆகணும்னு ஒரு தொகை எழுதிக்குவார். அதுதான் மினிமம் ரென்ட்.

லீஸ் எடுத்தவருக்கும் ஒரு நியாயம் இருக்கு. குழி தோண்டி, தண்ணி இறைச்சு, பாதை போட்டு முடிக்கவே ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். அந்தக் காலத்துல உற்பத்தி கம்மியாத்தான் இருக்கும். "ஆரம்பத்துல நான் அதிகமா கட்டுற பணத்தைப் பின்னாடி நல்லா வெட்டுற வருஷத்துல கழிச்சுக்கிறேன்"னு கேட்பார். மினிமம் ரென்ட்டுக்கும் உண்மையான ராயல்டிக்கும் நடுவுல இருக்கிற அந்தப் பள்ளம்தான் ஷார்ட்வொர்க்கிங்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு அண்ணன், ஒரு தங்கை. ரெண்டு பேருக்கும் சரிபாதி உரிமை உள்ள ஒரு சுரங்கம்னு வச்சுக்குவோம். இது கற்பனைக் கணக்கு. டன்னுக்கு 40 ரூபாய் ராயல்டி. மினிமம் ரென்ட் வருஷத்துக்கு 6 லட்சம். ஒரு வருஷத்து ஷார்ட்வொர்க்கிங்கை அதுக்கு அடுத்த 2 வருஷத்துக்குள்ள லீஸ் எடுத்தவர் கழிச்சுக்கலாம்னு ஒப்பந்தம். முதல் வருஷத்துலேர்ந்து நாலாம் வருஷம் வரைக்கும் 5,000, 12,000, 20,000, 25,000 டன்னு வெட்டுறாங்க.

முதல் வருஷம் 5,000 டன்னுக்கு ராயல்டி 2 லட்சம்தான். ஆனா வந்த பணம் 6 லட்சம். மிச்சம் இருக்கிற 4 லட்சம் என்ன? லீஸ் எடுத்தவர் நாளைக்கு வெட்டப் போற கல்லுக்கு இன்னைக்கே கொடுத்து வச்ச முன்பணம் மாதிரி. வீட்டு ஓனர்கிட்ட இருக்கிற அட்வான்ஸை நினைச்சுக்கோங்க. பணம் அவர் கையில இருக்கு, ஆனா அதை வாடகை வருமானம்னு அவர் சொல்ல முடியாது.

அதனால உரிமையாளர் புத்தகத்துல முதல் வருஷப் பதிவு இப்படி இருக்கும். லீஸ் எடுத்தவர் கணக்குல 6 லட்சம் பற்று. ராயல்டி கணக்குல 2 லட்சம் வரவு. ராயல்டி ரிசர்வ்னு ஒரு கணக்கு தொடங்கி, அதுல 4 லட்சம் வரவு. சில புத்தகங்கள்ல இதையே ஷார்ட்வொர்க்கிங் சஸ்பென்ஸ்னு போட்டிருப்பாங்க. பணம் வந்ததும் பேங்க் கணக்கு பற்று, லீஸ் எடுத்தவர் கணக்கு வரவு. வருஷ முடிவுல ராயல்டி 2 லட்சம் மட்டும் லாப நட்டக் கணக்குக்குப் போகும். ரிசர்வ் 4 லட்சம் இருப்புநிலைக் குறிப்புல பொறுப்புகள் பக்கம் போய் உட்காரும்.

மாணவர்கள் அதிகமா தடுமாறுற இடம் இதுதான். லீஸ் எடுத்தவர் புத்தகத்துல ஷார்ட்வொர்க்கிங் ஒரு சொத்து, ஏன்னா திரும்பக் கழிச்சுக்கிற உரிமை அவர்கிட்ட இருக்கு. உரிமையாளர் புத்தகத்துல அதே தொகை ஒரு பொறுப்பு. கேள்வி யாரோட புத்தகத்தைக் கேட்குதுன்னு முதல் வரியிலயே பார்த்துட்டா பாதிப் பிழை போயிடும்.

ரெண்டாவது வருஷம் ராயல்டி 4,80,000. வந்த பணம் திரும்பவும் 6 லட்சம். ரிசர்வுக்கு இன்னும் 1,20,000 சேரும். இப்போ ரிசர்வ்ல 5,20,000.

மூணாவது வருஷம் ரெண்டு விஷயம் நடக்குது

இப்போ 20,000 டன், ராயல்டி 8 லட்சம். மினிமம் ரென்ட்டை விட 2 லட்சம் அதிகம். அந்த அதிகத்தை மட்டும்தான் லீஸ் எடுத்தவர் கழிச்சுக்க முடியும். கட்டுற தொகை 6 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதனால 2 லட்சம் கழிச்சுட்டு 6 லட்சம் கட்டுறார். பழைய பாக்கியிலேர்ந்துதான் கழிக்க ஆரம்பிக்கணும், அதாவது முதல் வருஷத்து 4 லட்சத்துலேர்ந்து.

பதிவு: லீஸ் எடுத்தவர் கணக்கு 6 லட்சம் பற்று, ராயல்டி ரிசர்வ் 2 லட்சம் பற்று, ராயல்டி கணக்கு 8 லட்சம் வரவு. பேங்க்ல வந்தது 6, ஆனா இந்த வருஷம் சம்பாதிச்சது 8. கவனிச்சீங்களா? முதல் வருஷத்துல வருமானம்னு சொல்லாம ஒதுக்கி வச்ச பணம் இப்போதான் வருமானமா மாறுது.

ரெண்டாவது விஷயம். முதல் வருஷத்து ஷார்ட்வொர்க்கிங்ல இன்னும் 2 லட்சம் மிச்சம். அதுக்கான கெடு மூணாவது வருஷத்தோட முடிஞ்சுடுச்சு. இனிமே லீஸ் எடுத்தவர் அதைக் கேட்க முடியாது. அவருக்கு அது நஷ்டம், உரிமையாளருக்கு லாபம். ரிசர்வ் 2 லட்சம் பற்று, லாப நட்டக் கணக்கு 2 லட்சம் வரவு. இந்தப் பதிவை மறந்துட்டா, யாருக்கும் கொடுக்க வேண்டாத ஒரு கடன் வருஷக்கணக்கா இருப்புநிலைக் குறிப்புல தொங்கிட்டே இருக்கும்.

நாலாவது வருஷம் ராயல்டி 10 லட்சம். கழிக்க 4 லட்சம் வரைக்கும் இடம் இருக்கு, ஆனா உயிரோட இருக்கிறது ரெண்டாவது வருஷத்து 1,20,000 மட்டும்தான். அதைக் கழிச்சுட்டு 8,80,000 கட்டுறார். ரிசர்வ் பூஜ்யம்.

| வருஷம் | வந்த பணம் | வருமானம் | ரிசர்வ் மிச்சம் |
|---|---|---|---|
| 1 | 6,00,000 | 2,00,000 | 4,00,000 |
| 2 | 6,00,000 | 4,80,000 | 5,20,000 |
| 3 | 6,00,000 | 10,00,000 | 1,20,000 |
| 4 | 8,80,000 | 10,00,000 | 0 |

கணக்கு சரியான்னு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கு. ரிசர்வ் பூஜ்யம் ஆகுற நாள்ல, மொத்தமா வந்த பணமும் மொத்த வருமானமும் ஒண்ணா இருக்கணும். இங்க ரெண்டுமே 26,80,000. ஒத்துவரலைன்னா, பெரும்பாலும் கெடு முடிஞ்ச தொகையை விட்டிருப்பீங்க, இல்லைன்னா ஒரே தொகையை ரெண்டு தடவை வருமானமா எடுத்திருப்பீங்க.

கடைசியில மொத்தம் ஒண்ணுதானே, அப்புறம் என்ன?

இதைத்தான் எல்லாரும் கேட்பாங்க. நம்ம அண்ணன் தங்கை கதைக்கே வருவோம். ரெண்டாவது வருஷ முடிவுல தங்கை தன் பங்கை அண்ணன்கிட்டயே விட்டுட்டு விலகுறாங்க. அதுவரை வந்த 12 லட்சம் செலவாகாம பேங்க்ல இருக்கு. அண்ணன் நல்ல மனசுக்காரர். "ஆளுக்குப் பாதி"ன்னு 6 லட்சத்தைக் கொடுத்துடறார். சுரங்கத்தோட மதிப்பைத் தனியா பேசிக்கிறாங்க.

அங்க ஒரு தப்பு நடந்துடுச்சு. அந்த 12 லட்சத்துல 5,20,000 இன்னும் சம்பாதிக்காத பணம். அன்னைக்கு நியாயமா பிரிக்க வேண்டியது 6,80,000. தங்கைக்கு 3,40,000. கெடு முடிஞ்சு ஏதாவது தொகை காலாவதியானா அதுலயும் பாதி அவங்களுக்குன்னு எழுதிக்கலாம். அப்படி எழுதியிருந்தா மூணாவது வருஷம் இன்னொரு 1 லட்சம் வந்திருக்கும். மொத்தம் 4,40,000. ஆனா 6 லட்சம் போயிடுச்சு.

அடுத்த ரெண்டு வருஷத்துல 45,000 டன் கல்லு வெளியே போகுது. 18 லட்சம் ராயல்டி. அண்ணன் கைக்கு வந்தது 14,80,000. குறைஞ்ச 3,20,000 ரூபாயை அவர் ஒருத்தரே தாங்குறார். அதுல பாதி, 1,60,000, தங்கை முன்னாடியே எடுத்துட்டுப் போன பணம். யாரும் யாரையும் ஏமாத்தலை. ரிசர்வ்னு ஒரு வரி புத்தகத்துல இல்லை, அவ்வளவுதான். லீஸோட சேர்த்து ஒரு சுரங்கத்தை வாங்குறவரும் இதே வரியைத்தான் முதல்ல தேடணும்.

ஒப்பந்தத்துல படிக்க வேண்டிய ஒரு வரி

கழிச்சுக்கிற கெடு ரெண்டு விதமா எழுதப்படும். நம்ம கணக்குல இருந்தது நகர்ற கெடு: ஒவ்வொரு வருஷத்து ஷார்ட்வொர்க்கிங்குக்கும் அதுக்கு அப்புறம் 2 வருஷம். இன்னொண்ணு நிலையான கெடு: லீஸோட முதல் 3 வருஷத்துக்குள்ள மட்டும் கழிக்கலாம்னு இருக்கும். அப்படி இருந்திருந்தா மூணாவது வருஷ முடிவுல மிச்சம் இருந்த 3,20,000 மொத்தமும் காலாவதி. நாலாவது வருஷம் உரிமையாளருக்கு முழு 10 லட்சம் வந்திருக்கும். ஒரு வரி மாறினதுல 1,20,000 வித்தியாசம்.

கடைசியா ஒண்ணு. இந்தியாவுல அரசு குத்தகைக்கு விடுற சுரங்கங்கள்ல டெட் ரென்ட்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. அதையும் இதையும் குழப்பிக்காதீங்க. 1957-ஆம் வருஷத்து மத்திய சுரங்கச் சட்டத்தோட 9ஏ பிரிவு, ராயல்டி, டெட் ரென்ட் ரெண்டுல எது அதிகமோ அதைக் கட்டுன்னு சொல்லுது. பின்னாடி கழிச்சுக்கிற பேச்சே அதுல இல்லை. அங்க ரிசர்வ் கணக்கும் தேவையில்லை, வந்த அன்னைக்கே அது வருமானம். திரும்பக் கழிச்சுக்கிற உரிமை ஒப்பந்தத்துல இருந்தா மட்டும்தான் இன்னைக்கு நாம பார்த்த ரிசர்வ் பிறக்குது.

அடுத்த எபிசோடுல இதே நாலு வருஷத்தை லீஸ் எடுத்தவரோட புத்தகத்துல எழுதிப் பார்ப்போம். அதுக்குள்ள இந்த டேபிளை மூடி வச்சுட்டு, மூணாவது வருஷப் பதிவுகளை மட்டும் நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்க.