சோர்ந்த நாளுக்கும் ஓர் அட்டவணை

குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் பலருக்கும் முதல் இரண்டு மூன்று வாரம் நன்றாகவே போகும். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தொடங்குவதால் பக்கங்கள் வேகமாக நகரும், படித்ததெல்லாம் புரியும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வரலாற்றையும் அரசியலமைப்பையும் தொடும்போது வேகம் குறைகிறது. முதல் வாரம் படித்ததும் அதற்குள் மறக்கத் தொடங்கியிருக்கும். மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறாமல் நின்றுவிடும். உழைப்பு கூடியும் பலன் கண்ணில் படாத இந்தக் கட்டத்தில்தான் ஆர்வம் வடிகிறது. ‘எனக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது’ என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அட்டவணையில் இருக்கிறது. உற்சாகம் பொங்கிய ஒரு நாளில், எல்லா நாளும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் போட்ட அட்டவணை அது.

துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிறது. தினமும் நான்கு மணி நேரம், அதாவது காலை இரண்டு, இரவு இரண்டு என்று எழுதி வைத்திருக்கிறார். பண்டிகைக் கூட்டம் தொடங்கியதும் நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது. திங்கள் இரவு படிக்க முடியவில்லை. விட்டதையும் சேர்த்துச் செவ்வாய்க்கு ஆறு மணி நேரம் என்று திருத்துகிறார். அதுவும் முடியவில்லை. பாக்கி ஏறிக்கொண்டே போக, வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

இவர் அட்டவணையைச் சோர்ந்த நாளிலிருந்து தொடங்கிப் போட வேண்டும். கால் வலியோடு வந்த இரவிலும் தன்னால் செய்ய முடிந்தது எது? தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. புதுப் பாடம் படிக்கத் தெளிந்த மூளை வேண்டும். அதைச் சோர்ந்த நாளில் வைக்கக் கூடாது. ஏற்கெனவே படித்த பாடத்திலிருந்து பத்துத் தமிழ்க் கேள்விகளும், தனிவட்டி அல்லது விகிதத்தில் இரண்டு கணக்கும் போதும். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மறந்துபோவதைத் தடுப்பதால் இந்தப் பதினைந்து நிமிடம் வீண் போவதில்லை.

அதற்கு நேரம் குறிப்பதைவிட, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுவது நல்லது. ‘ஒன்பதரைக்குப் படிப்பேன்’ என்றால் பேருந்து தாமதமானதும் கெட்டுவிடும். ‘இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் உட்காருவேன்’ என்றால் மணி எதுவானாலும் நடக்கும். எந்தக் கேள்விகள் என்பதையும் காலையிலேயே முடிவுசெய்து, தாளை நோட்டில் செருகி வைத்துவிட வேண்டும். களைத்த நேரத்தில், எதைப் படிப்பது என்று யோசிப்பதே பெரிய வேலை.

வாரத்துக்கு இரண்டு நாள் கையிருப்பும் வேண்டும். மரிசா ஷரிஃப், சுசான் ஷு என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. வாரம் ஏழு நாளும் ஒரு வேலையைச் செய்வதே இலக்கு, அவசரமானால் இரண்டு நாள் விடலாம் என்று சொல்லப்பட்டவர்கள், விலக்கே இல்லாத ஏழு நாள் இலக்கு பெற்றவர்களைவிடவும், ஐந்து நாள் மட்டும் என்று எளிய இலக்கு பெற்றவர்களைவிடவும் விடாமல் தொடர்ந்தார்கள். கையிருப்பு இருந்தால், ஒரு நாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்ற எண்ணம் வருவதில்லை. விட்ட நாளின் பாடத்தை மறுநாள் தலையில் ஏற்றவும் கூடாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்குமளவு ஊன்றச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடும் இருந்தது. இடையில் ஒரு முறை தவறியது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

அந்தப் பெண்ணின் வாரம் இப்போது இப்படி அமைகிறது: மூன்று நாள் காலையில் இரண்டு மணி நேரம் புதுப் பாடம், இரண்டு நாள் பதினைந்து நிமிடம், இரண்டு நாள் கையிருப்பு. மொத்தம் ஆறரை மணி நேரம். தாளில் மட்டுமே இருந்த இருபத்தெட்டு மணி நேரத்தைவிட இது மேல்.

இதற்கும் எல்லை உண்டு. பதினைந்து நிமிடம் படித்ததைக் காக்கும். தேர்வில் தேற வைக்காது. இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தபட்சம் மட்டுமே நடந்தால், இரண்டு மணி நேரம் என்ற அளவு அதிகம் என்று பொருள். அதை ஒரு மணியாக்கிப் பார்க்கலாம். அந்தப் பதினைந்து நிமிடமே முடியாமல் போனால் அட்டவணையைத் திருத்திப் பயனில்லை. தூக்கம் போதுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தூங்கியும் அசதி தீராவிட்டால் மருத்துவரைப் பார்த்து, ரத்தசோகை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது.