யார் போட்ட பணம்?

வங்கி ஸ்டேட்மெண்டில் வரவாகியிருக்கும் ஒரு தொகை, கடைக் கணக்கில் எந்த வாடிக்கையாளரின் பேரிலும் பொருந்தாமல் நிற்பதுண்டு. பணம் வந்துவிட்டது; போட்டவர் யார் என்பதுதான் தெரியவில்லை. ஆள் தெரியும்வரை அதை அனாமத்துக் கணக்கில் வைத்திருப்பது வழக்கம். கணக்கு எழுதுபவர்கள் இதை ‘சஸ்பென்ஸ்’ என்றே சொல்கிறார்கள்.

வெளியூர் வாடிக்கையாளர் தன் ஊர்க் கிளையிலோ டெபாசிட் மெஷினிலோ ரொக்கம் கட்டும்போதுதான் இது அதிகம் நேர்கிறது. ஸ்டேட்மெண்டில் ஊர்ப் பெயருக்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆன்லைனில் வரும் பணத்தோடு பெயர் வரும், ஆனால் அது கணக்கு வைத்திருப்பவரின் பெயர். பில் கடையின் பெயரில் இருக்க, பணம் முதலாளியின் மனைவி கணக்கிலிருந்து வந்திருந்தால் அந்தப் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆர்.டி.ஜி.எஸ். பணமென்றால் அதன் 22 எழுத்துக் குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் அனுப்பிய வங்கி எது என்றாவது காட்டும். ரொக்கத்துக்கு அந்த வசதியும் கிடையாது.

ஆள் தெரியவில்லை என்பதற்காகத் தொகையை எழுதாமல் விட்டால், கடைக் கணக்கிலுள்ள வங்கி இருப்பும் உண்மையான இருப்பும் ஒத்துப்போகாது. அதனால் வங்கிக் கணக்கில் பற்று, அனாமத்துக் கணக்கில் வரவு என்று, பணம் வங்கிக்கு வந்த தேதியிலேயே எழுதிவிட வேண்டும். ஸ்டேட்மெண்டில் உள்ள விவரத்தையும் அப்படியே குறிப்பில் சேர்க்க வேண்டும். இதை விற்பனையில் எழுதுவது தவறு. கடன் விற்பனை பில் போட்ட அன்றே கணக்கில் ஏறியிருக்கும். இப்போது மறுபடி ஏற்றினால் ஒரே சரக்கு இரண்டு முறை விற்றதாகிவிடும். அனாமத்து பொறுப்புகள் பக்கத்தில் நிற்கும். அதுவரை கடனாளிகள் பாக்கியும் பொறுப்பும் அதே அளவுக்குக் கூடுதலாகத் தெரியும், லாபத்தில் மாற்றமிருக்காது.

தேடுவது எப்படி என்பதற்கு, மதுரையில் மின்சாதனப் பொருட்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். 14ஆம் தேதி ஸ்டேட்மெண்டில் BY CASH-THENI என்ற விவரத்தோடு 48,500 ரூபாய் வரவாகியிருக்கிறது. தேனியில் கடைக்கு இருக்கும் வாடிக்கையாளர் யாருக்கும் அந்தத் தொகையில் பாக்கி இல்லை. ஆனால் தேனிக் கிளையில் கட்டியவர் தேனிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போடி, ஆண்டிபட்டி, கம்பம் பக்கத்திலிருந்து வேறு வேலையாகத் தேனிக்கு வந்தவரும் கட்டியிருக்கலாம். தேடலை அந்த ஊர்களுக்கும் விரித்த பிறகும் 48,500க்கு ஒரு பில்கூட அகப்படவில்லை.

வாடிக்கையாளர்கள் பில் தொகையை அப்படியே கட்டுவது குறைவு. தள்ளுபடி, திருப்பிய சரக்கு, பிடித்த வரி எல்லாம் போக மீதியைத்தான் கட்டுவார்கள். சிலர் இரண்டு மூன்று பில்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். இந்தக் கடையில் ஏழு நாளுக்குள் பணம் தந்தால் 2 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி உண்டு. அதைக் கழித்துப் பார்த்தால், 9ஆம் தேதி போடிக் கடைக்குப் போட்ட 49,490 ரூபாய் பில் பொருந்துகிறது. தள்ளுபடி 990 போனால் சரியாக 48,500. பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் கம்பத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு 30,200, 18,300 என்று இரண்டு பழைய பில்கள் பாக்கி. கூட்டினால் அதுவும் 48,500தான்.

இந்த இடத்தில் ஊகித்து எழுதுவதுதான் பெரிய ஆபத்து. கம்பத்துக்காரர் பேரில் தவறாக வரவு வைத்தால், அவர் பாக்கி சும்மா குறையும். அவர் போன் செய்து குறை சொல்லப் போவதில்லை. போடிக்காரருக்கோ தான் கட்டியது ஏறவில்லை என்பதே தெரியாது. அடுத்த மாதம் பாக்கி கேட்டு ஆள் போகும்போதுதான் தகராறு வெடிக்கும். அதற்குள் கம்பத்துக்காரரிடம் தவறை விளக்கி, பழைய பாக்கியை மறுபடி கேட்கும் சங்கடமும் சேர்ந்துவிடும். சந்தேகம் இருக்கும்வரை தொகை அனாமத்தில் கிடப்பதே மேல்.

விசாரிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். “அண்ணாச்சி, நீங்கதானே 48,500 கட்டுனீங்க?” என்று கேட்டால், மறந்து போனவரும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். “சமீபத்துல பணம் ஏதும் கட்டியிருக்கீங்களா? எவ்வளவு, எந்த பிராஞ்ச், என்னைக்கு?” என்று கேட்டுத் தொகையை அவர் வாயாலேயே சொல்லவைப்பது நல்லது. பிறகு செலான் நகலையோ மெஷின் கொடுத்த சீட்டையோ வாங்கி, அதிலுள்ள தேதியையும் தொகையையும் கிளையையும் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். யாரிடமும் சீட்டு இல்லையென்றால் தேதி, தொகை, கிளை விவரத்தோடு வங்கிக்கு எழுதிக் கேட்கலாம். கவுண்டரில் கட்டிய பணமென்றால் செலான் அங்கே இருக்கும்.

போடிக்காரர் சீட்டை அனுப்பிவிட்டார் என்று கொள்வோம். குறிப்பேட்டில் அனாமத்துக்கு 48,500 பற்று, தள்ளுபடிக்கு 990 பற்று, போடிக்காரர் பேரில் 49,490 வரவு என்று எழுதினால் பில் தீர்ந்தது. ஆளைக் கண்டுபிடித்தது 25ஆம் தேதியாக இருந்தாலும், அவர் பணம் கட்டியது 14ஆம் தேதி. ஆகவே தள்ளுபடியை மறுக்க முடியாது.

இதே கட்டத்தில் இன்னொரு தவறும் நடக்கும். சீட்டு வாட்ஸ்அப்பில் வந்ததும், அனாமத்தைப் பார்க்காமல் புதிய வரவாக ஒருவர் பதிந்துவிடுவார். வங்கிக் கணக்கில் அதே பணம் இரண்டு முறை ஏறிவிடும். அனாமத்தில் ஒரு தொகை தீராமல் கிடக்க, அதே தொகை ‘வங்கியில் இன்னும் வரவாகாதது’ என்று சரிக்கட்டும் பட்டியலிலும் தெரிந்தால், நடந்தது இதுதான்.

ஆள் தெரிந்தும் எந்த பில்லுக்கு என்று தெரியாமல் போகலாம். இதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. கட்டியவர் எந்தக் கடனுக்கு என்று சொன்னால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாமலும் சூழ்நிலையிலிருந்து தெரியாமலும் இருந்தால், கடன் கொடுத்தவர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இருவருமே குறிப்பிடாவிட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாகத் தீரும்.

சில நேரம் பணம் வாடிக்கையாளருடையதாகவே இருக்காது. கணக்கு எண்ணை யாரோ தவறாக எழுதியிருப்பார். தவறாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. ஆனால் போனில் பேசும் ஒருவர் வேறொரு கணக்கைச் சொல்லி அதில் போடச் சொன்னால் போடக்கூடாது. அப்படிக் கேட்டு ஏமாற்றுபவர்கள் உண்டு. வங்கி வழியாக, வந்த கணக்குக்கே திருப்புவதுதான் பாதுகாப்பு.

தொகைகள் நிறைய வரும் நிறுவனங்களுக்கு வங்கிகள் இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி மெய்நிகர் கணக்கு எண் கொடுக்கின்றன. பணம் சேருவது ஒரே கணக்கில்தான், ஆனால் யாருடைய எண்ணுக்கு வந்தது என்பது ஸ்டேட்மெண்டிலேயே தெரிந்துவிடும்.

ஆண்டுக்கணக்கில் ஆள் கிடைக்காத தொகையை லாபத்தில் சேர்த்துவிட்டு, வரி மட்டும் கட்டாமல் இருக்க முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் நிறுவனம், வாடிக்கையாளர்கள் வியாபாரத்தின்போது கட்டி, பின்பு யாரும் கேட்காமல் கிடந்த தொகைகளை லாப நட்டக் கணக்குக்கு மாற்றியிருந்தது. வந்தபோது அது வருமானம் இல்லை என்றாலும், நிறுவனம் தன் சொந்தப் பணமாக எடுத்துக்கொண்டபோது வருமானமாகிவிட்டது, அதற்கு வரி உண்டு என்று 1996இல் தீர்ப்பானது.