கையெழுத்துப் போட வேண்டியவரைக் காணோம்

பணம் கொடுத்தாகிவிட்டது, வண்டியும் வீட்டு வாசலில் நிற்கிறது, ஆர்.சி. புக்கும் பீரோவில் இருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் இருப்பது இன்னொருவர் பெயர். விற்றவர் முதலில் "அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போடறேன்" என்றார். பிறகு ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது ஸ்விட்ச் ஆஃப். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிய பலர் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஓட்டத்தான் முடிகிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வருடங்களைக் கடத்தவும் செய்கிறார்கள். பழைய வண்டியென்றால் அப்படிக் கடத்த முடியாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-வது பிரிவுதான் பெயர் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் நகலை வாங்கியவருக்கும் அனுப்ப வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள், தான் குடியிருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் தனித்தனிக் கடமைகள்தான். ஆனால் வாங்கியவர் ஆர்.சி., கட்டணத்தோடு, விற்றவர் அனுப்பிய அந்த நகலையும் இணைக்க வேண்டும் என்கிறது சட்டம். சிக்கல் இங்கேதான். விற்றவர் தன் கடமையைச் செய்யாவிட்டால் வாங்கியவர் தன் கடமையை எப்படி முடிப்பது என்பதற்கு 50-வது பிரிவில் நேரான பதில் இல்லை.

பக்கத்துப் பிரிவான 51-இல் அந்தப் பதில் இருப்பதுதான் வேடிக்கை. தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கிவிட்டார், உரிமையாளர் ஆர்.சி.யைத் தர மறுக்கிறார் அல்லது தலைமறைவாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆர்.டி.ஓ. ஆர்.சி.யிலுள்ள முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிட்டு, பழைய ஆர்.சி.யை ரத்து செய்து ஃபைனான்ஸ்காரர் பெயருக்கே புதிதாகக் கொடுக்கலாம். கடன் கொடுத்தவருக்குச் சட்டம் போட்டுக்கொடுத்த இந்த வழி, முழுப் பணமும் கொடுத்து வாங்கிய சாதாரண ஆளுக்கு எழுத்தில் இல்லை. இருந்தாலும் நோட்டீஸ் அனுப்பு, பதில் சொல்ல வாய்ப்புக் கொடு, பிறகு முடிவெடு என்ற அதே வரிசையைத்தான் நாமும் ஆர்.டி.ஓ.விடம் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். தஞ்சாவூரில் இருப்பவர் ஒருவர், திருச்சியில் பதிவான 2014-ஆம் வருட ஸ்கூட்டர் ஒன்றை வாங்குகிறார். விற்றவர் சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தவர். ஜிபேயில் பணம் போயிருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் டெலிவரி லெட்டர் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். படிவம் 29-இல் இரண்டு பிரதியிலும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. படிவம் 30-இல் வாங்க விட்டுப்போயிற்று. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 29 என்பது 'நான் விற்றுவிட்டேன்' என்று விற்றவர் தரும் அறிவிப்பு. 30-இன் முதல் பகுதியை விற்றவரும் அடுத்த பகுதியை வாங்கியவரும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். நகலுக்கான கையெழுத்து இருக்கிறது, விண்ணப்பத்துக்கானது இல்லை என்பது இவர் நிலை.

இதற்கு மேல் ஓ.டி.பி. வேறு. பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணையும் சேஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளையும் போட்டால், ஓ.டி.பி. பதிவில் உள்ள பழைய உரிமையாளரின் மொபைலுக்குப் போகும். வெளிநாடு போனவர் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதங்களில் எண் செத்துவிடும், பிறகு வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டும் விடும். அப்போது நம் வண்டிக்கான ஓ.டி.பி. சம்பந்தமே இல்லாத ஒருவர் கைக்குப் போகிறது. அவரைக் கெஞ்சி எண்ணை வாங்கிப் போட்டு முடித்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். உரிமையாளர் சம்மதித்தார் என்று பொய்யாகக் காட்டுவதுதான் அது.

படிவத்தில் கையெழுத்தை "நாமளே போட்டுக்கலாம் சார்" என்று ஆபீஸ் வாசலில் சொல்லும் புரோக்கரின் யோசனையும் அதே ரகம். பழைய ஃபைலில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது சிக்கினால் விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு நிற்காது, போலி ஆவண வழக்காகும். சிக்காமல் போனாலும், பெயர் மாறியதைப் பழைய உரிமையாளருக்கு ஆர்.டி.ஓ. தெரிவிக்க வேண்டும் என்று 50-வது பிரிவே சொல்கிறது. அவர் என்றைக்காவது "நான் கையெழுத்தே போடவில்லை" என்று எழுதிக் கொடுத்தால், உண்மையிலேயே பணம் கொடுத்து வாங்கியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிவரும்.

ஆகவே முதல் வேலை, விற்றவருக்குக் கடிதம். வாட்ஸ்அப்பில் நூறு செய்தி அனுப்பியிருந்தாலும் ஆர்.சி.யிலுள்ள முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் ஒரு தபால் போக வேண்டும். வண்டி எண், விற்ற தேதி, தொகை, எந்தப் படிவத்தில் கையெழுத்து பாக்கி என்பதை எழுதி, 15 நாள் அவகாசம் கொடுக்கலாம். கோபத்தைக் கொட்டுவதைவிட, கையெழுத்துப் போடாததால் அவருக்கே என்ன ஆபத்து என்று சொல்வது வேலை செய்யும். நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு உதவும். அந்தக் கார் அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியிருந்தது. பதிவில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. விபத்து நடந்தபோது வண்டி அவரிடம் இல்லை. ஆனாலும் பதிவில் பெயர் உள்ளவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்று தீர்ப்பானது. பணம் வந்துவிட்டது, இனி நமக்கென்ன என்று இருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது. நம் உதாரணத்தில் ஆர்.சி. முகவரியில் விற்றவரின் அம்மா இருந்தால், அந்தக் கடிதமே மகனைக் கூப்பிட வைத்துவிடும். அவர் அங்கிருந்தே படிவங்களில் கையெழுத்திட்டு அனுப்பலாம், ஆர்.டி.ஓ. அதை ஏற்கத் தயங்கினால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை ஊரில் உள்ள உறவினருக்குக் கொடுக்கலாம்.

கடிதம் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்கக் கூடாது. அதன் மேல் தபால்காரர் எழுதியிருப்பதுதான் நமக்கு வேண்டியது. 'வாங்க மறுத்தார்' என்று இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது சேர்ந்த கடிதத்துக்குச் சமம். 'வீடு மாறிச் சென்றுவிட்டார்' என்று இருந்தால் அந்த அளவு வலு இல்லை. பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் வேறு முகவரியோ நாமினி பெயரோ இருக்கிறதா என்று பார்த்து அங்கேயும் ஒன்று அனுப்ப வேண்டும்.

இதற்குப் பிறகுதான் ஆர்.டி.ஓ.வுக்கு மனு. கவுன்ட்டரில் வாய்மொழியாகக் கேட்டால் "ஓனரைக் கூட்டிட்டு வாங்க" என்ற ஒரே பதில்தான் வரும். அங்கே இருப்பவரால் அதற்கு மேல் செய்யவும் முடியாது. முடிவெடுக்கும் அதிகாரம் பதிவு அதிகாரியான ஆர்.டி.ஓ.வுக்கே. மனுவில் 50-வது பிரிவின் கீழ் வாங்கியவர் என்ற முறையில் தெரிவிப்பதாகச் சொல்லி, பதிவு உரிமையாளருக்கு அலுவலகத்திலிருந்தே நோட்டீஸ் அனுப்பி, அவர் ஆட்சேபிக்காவிட்டால் பெயர் மாற்றித் தருமாறு கேட்க வேண்டும். நம் தஞ்சாவூர்க்காரர் இணைக்க வேண்டியவை: ஆர்.சி., கையெழுத்தான படிவம் 29, தன் பகுதி நிரப்பிய படிவம் 30, டெலிவரி லெட்டர், பணம் போனதற்கான வங்கிக் கணக்கு விவரம், நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பிரிக்காத அந்தக் கவர். டெலிவரி லெட்டரும் வங்கிப் பதிவும் ஒரே தேதியைக் காட்டினால் அதிகாரிக்குச் சந்தேகம் பாதி தீரும். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக் கூடாது.

இணங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஆர்.டி.ஓ.வுக்கு இல்லை. திருட்டு வண்டியோ, அண்ணன் தம்பி தகராறில் இருக்கும் வண்டியோ என்று அவர் தயங்குவதிலும் நியாயம் உண்டு. தாமதத்துக்காகக் கூடுதல் தொகை கட்டச் சொல்லலாம், ஈ-சலான் பாக்கியைத் தீர்க்கச் சொல்லலாம். ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கதை வேறு. கடன் முடிந்ததற்கான படிவம் 35-இல் ஃபைனான்ஸ்காரரோடு பழைய உரிமையாளரும் கையெழுத்திட வேண்டும். கடன் பாக்கி இருப்பதால்தான் அவர் ஃபோனை எடுக்கவில்லை என்பது பல சமயம் அப்போதுதான் தெரியவரும். விற்றவர் இறந்துவிட்டிருந்தால் அவருடைய வாரிசுகளைப் பிடிக்க வேண்டும். வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31 இருக்கிறது.

மறுப்பதாக இருந்தால் எழுத்தில் மறுக்கச் சொல்வது முக்கியம். எழுத்தில் உத்தரவு வந்தால் 57-வது பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஒன்றும் சொல்லாமல் மனுவைக் கிடப்பில் போட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். பொதுவாக அங்கே கிடைப்பது 'மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு' என்ற உத்தரவுதான். வண்டி யாருடையது என்பதை அங்கே தீர்க்க மாட்டார்கள்.

அதைத் தீர்க்க வேண்டுமென்றால் சிவில் கோர்ட். வண்டி என்னுடையது என்று அறிவிக்கவும், படிவங்களில் கையெழுத்திட விற்றவருக்கு உத்தரவிடவும் கேட்டு வழக்குப் போடலாம். அவர் வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகும். அதன் பிறகும் கையெழுத்திடாவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 34-இன்படி நீதிமன்றமே அவர் சார்பில் ஆவணத்தில் கையெழுத்திட்டுத் தரும். எந்த ஆர்.டி.ஓ.வும் தட்ட முடியாத கையெழுத்து அது. ஆனால் உரிமையை அறிவிக்கக் கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. முப்பதாயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்கு வக்கீல் ஃபீஸ் கட்டுப்படியாகுமா என்பதும் கேள்விதான். அதற்கு முன்னால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துப் பார்க்கலாம். அங்கே கட்டணமின்றி எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். ஃபோனை எடுக்காதவர்கூட நீதிமன்ற வளாகத்திலிருந்து வரும் தபாலுக்கு மதிப்புக் கொடுப்பதுண்டு.

இத்தனைக்கும் நடுவில் இன்சூரன்ஸை மறந்துவிடக் கூடாது. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகவே கூட வந்துவிடும். வண்டிக்கு ஏற்படும் சேதமோ திருட்டோ அப்படி வராது. பாலிசி பழையவர் பெயரில் இருக்கும்போது வண்டி திருட்டுப்போனால், நிறுவனம் நம் கிளெய்மைத் தள்ளிவிடலாம். பாலிசியில் பெயரை மாற்றச் சட்டம் தருவது 14 நாள் அவகாசம். இன்சூரன்ஸ் நிறுவனமோ மாற்றிய ஆர்.சி.யைக் கேட்கும். அதனால் ஆர்.டி.ஓ.விடம் கொடுத்த மனுவின் முத்திரையிட்ட நகலையே இணைத்து, வண்டி கைமாறியதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து வைப்பது நல்லது. புது ஆர்.சி. வந்த அன்றே அதையும் அனுப்பிப் பாலிசியைத் திருத்திக்கொள்ளலாம்.